ஏழாம் ஹால், இரண்டாம் பெஞ்ச்

அந்தக் கல்லூரியில் அவளை எல்லோரும் பெஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவளுக்கே சில நாள் மறந்துபோகும். பத்தொன்பது வருடமாகத் தேர்வுப் பிரிவில் அவளுக்கு ஒரே வேலை. யார் எந்த ஹாலில், எந்த வரிசையில், எந்த பெஞ்சில், இடது பக்கமா வலது பக்கமா உட்கார வேண்டும் என்று டேபிள் போடுவது. பிரின்சிபாலுக்கே யார் எங்கே உட்காருவது என்று சொல்லும் அதிகாரம் கிடையாது, இவளுக்கு உண்டு என்று பியூன்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

வேலை என்னவோ கேட்க எளிதுதான். ஒரு ஹாலுக்கு நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு பெஞ்ச், பெஞ்சுக்கு இரண்டு பேர். ஆக நாற்பத்தெட்டு. அதில் இருபத்து நான்கு பேருக்கு ஒரு பாடம், மீதிப் பேருக்கு வேறு பாடம். முதல் பெஞ்சில் இடது பக்கம் புள்ளியியல், வலது பக்கம் வணிகச் சட்டம் என்றால், இரண்டாவது பெஞ்சில் அதை அப்படியே மாற்ற வேண்டும். மூன்றாவதில் மறுபடி மாற்ற வேண்டும். சதுரங்கப் பலகை மாதிரி. அப்போதுதான் பக்கத்தில் இருப்பவனும் சரி, முன்னால் பின்னால் இருப்பவனும் சரி, வேறு கேள்வித்தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். எட்டிப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. இதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டால் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பழைய அரியர் வைத்தவன் எங்கே, கை உடைந்து எழுத ஆள் வைத்திருப்பவன் எங்கே, ஒரே பாடத்துக்கு இரண்டு குறியீடு வாங்கி வைத்திருக்கும் பிரிவு எது என்றெல்லாம் கம்ப்யூட்டருக்கா தெரியும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள்தான் பார்க்க வேண்டும்.

அந்த டேபிளுக்கு ஒரு விதி இருந்தது. ஒட்டின பிறகு ஒருவரை இடம் மாற்றினால்கூட, ஹால் பிரதியில் சிவப்பு மையில் பழைய இடத்தை அடித்து, புதிய இடத்தை எழுதி, தேர்வுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் வைக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பத்தொன்பது வருடத்தில் அவள் அதை நூறு தடவையாவது செய்திருப்பாள். ஒரே ஒரு தடவை செய்யவில்லை.

அன்று காலை தேர்வு தொடங்க எட்டு நிமிடம் இருந்தபோது பியூன் ஓடிவந்தார். ஏழாம் ஹாலில் ஜன்னலோரம் கூரை ஒழுகுகிறது, நான்காவது வரிசையில் கடைசி மூன்று பெஞ்சும் குளம் மாதிரி நிற்கிறது என்றார். ராத்திரி பெய்த மழை. அவள் போய்ப் பார்த்தாள். ஆறு பேர் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்கள். மூன்று பேர் புள்ளியியல், மூன்று பேர் வணிகச் சட்டம்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, ஹாலில் ஆறு இடம் காலியாக இருந்தது. வருகை போதாமல் கடைசி நேரத்தில் ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்ட ஆறு சட்ட மாணவர்களின் இடம். சட்டம் எழுதும் மூவரை அதில் மூன்று இடத்தில் உட்கார வைத்துவிட்டாள். சிக்கலே இல்லை. மீதி மூன்று இடத்துக்கும் பக்கத்தில் இருந்தவர்கள் புள்ளியியல் எழுதுகிறவர்கள். நின்றுகொண்டிருந்த மூவரும் புள்ளியியல்.

"சார், இவங்க மூணு பேரையும் எட்டாவது ஹாலுக்கு அனுப்பிடலாம். பேப்பரையும் கையெழுத்துத் தாளையும் மாத்தணும், பத்து நிமிஷம் ஆகும்" என்றாள் பொறுப்பாளரிடம்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷமா? மணி அடிக்கப் போகுதும்மா. காலியா இருக்கிற இடத்துல உட்கார வைங்க. ஒரு நாள் கூத்து தானே."

உட்கார வைத்தாள். அதில் ஒருவன், நல்ல சட்டையும் வாசனையுமாக இருந்தவன், முதல் வரிசை இரண்டாம் பெஞ்சில் இடது பக்கம் போய் உட்கார்ந்தான். வலது பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். சின்ன வேன் ஓட்டிச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒருவரின் மகள். வகுப்பில் முதலிரண்டு இடத்துக்குள் வருகிறவள். அந்தப் பெண் நிமிர்ந்து, "அக்கா, இவனும் புள்ளியியல் தானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நீ உன் பேப்பரைப் பாரு."

மணி அடித்தது. சிவப்புப் பேனா அவள் பையில்தான் இருந்தது. எழுதினால் என்ன தெரியும்? ஒரே பாடக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள் என்று தெரியும். அவள் கையெழுத்தோடு தெரியும். போன வருடம்தான் ஒரு மெமோ வாங்கியிருந்தாள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று கோப்பை மூடினாள். இந்த அப்புறம் இருக்கிறதே, அது வரவே வராது என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் மூடினாள்.

ஐந்து வாரம் கழித்து விஷயம் வெடித்தது. புள்ளியியல் விடைத்தாள் திருத்திய ஆசிரியர் இரண்டு தாள்களைத் தனியே எடுத்து வைத்தார். கேள்வியில் அறுபத்து நான்கு என்று இருந்த எண்ணை இரண்டு பேருமே நாற்பத்தாறு என்று எடுத்து எழுதி, அதே தப்போடு கடைசி வரி வரை கணக்கைப் போட்டிருந்தார்கள். ஒன்று வேன்காரர் மகளுடையது. இன்னொன்று அந்தச் சட்டைக்காரனுடையது. அவள் தாளில் ஓரத்தில் கூட்டல் கழித்தல் எல்லாம் இருந்தது. அவன் தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

பார்த்தவுடனே தெரியவேண்டியதுதான், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று. ஆனால் விசாரணைக் குழு முதலில் எடுத்துப் பார்த்தது டேபிளை. டேபிள்படி அந்தப் பெண் முதல் வரிசை, கதவோரம். அவன் நான்காவது வரிசை, ஜன்னலோரம், ஐந்தாம் பெஞ்ச். ஹாலின் ஒரு கோடியும் மறு கோடியும். அங்கிருந்து எட்டிப் பார்க்க அவனுக்கென்ன கழுகுக் கண்ணா? அப்படியென்றால் துண்டுச் சீட்டு கைமாறியிருக்கிறது, கொடுத்தவளுக்கும் பங்கு உண்டு, இது திட்டமிட்ட வேலை என்று குழு முடிவுக்கு வந்தது. பக்கத்துத் தாளைப் பார்த்தால் பார்த்தவனுக்கு மட்டும் அந்தப் பாடம் ரத்தாகும். சீட்டு மாற்றினால் இரண்டு பேருக்கும் இரண்டு பருவத் தேர்வு எழுதத் தடை.

விசாரணைக்கு முந்தின நாள் அந்தப் பெண் தேர்வுப் பிரிவு ஜன்னலுக்கு வந்தாள். முகத்தில் பயமே இல்லை. அதுதான் பெஞ்ச் அக்காவை என்னவோ செய்தது.

"அக்கா, நாளைக்கு உங்களையும் கூப்பிட்டிருக்காங்களாம். நீங்கதானே அவனைக் கொண்டுவந்து என் பக்கத்துல உட்கார வச்சீங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"கூட இருந்தவங்க யாராவது சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டேன்க்கா. கூட இடம் மாறுன மத்த அஞ்சு பேரும் வாயே திறக்கல. அவங்க தாளையும் நோண்டுவாங்கன்னு பயம். மத்தவங்க சொன்னா, ஃப்ரெண்டு பேச்செல்லாம் சாட்சியில்ல, டேபிள்தான் சாட்சின்னுட்டாங்க. ஹால் சூப்பர்வைசர் சார் தற்காலிகமாம், நினைவில்லன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, சிரித்தாள். "உங்களுக்கு மறந்திருக்காதுல்ல? பெஞ்ச் அக்காவாச்சே."

"பார்க்கலாம்மா" என்றாள் இவள். வேறென்ன சொல்வாள்?

அன்று சாயந்திரம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். மனிதர் லாரி ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வருடமாகக் கட்டிலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் முறியவில்லை. இந்த வீட்டில் நான் எங்கே உட்காரணும் என்றுகூட இவள்தான் டேபிள் போடுகிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை.

"சொன்னா என்ன ஆகும்?"

"வேலை போனாலும் போகும். பொறுப்பாளரும் மாட்டுவாரு. அவர் என்னைச் சும்மா விடுவாரா?"

"சொல்லாட்டி?"

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிடும்."

"என் மருந்தை நினைச்சுப் பேசாம இருந்துடாத. அந்தப் பாவத்தை என் தலையில வைக்காதே" என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

விசாரணை அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் நான்கு பேர். அதில் பொறுப்பாளரும் ஒருவர், சொல்ல வேண்டுமா? இந்தப் பக்கம் நாற்காலியில் அந்தப் பெண்ணும், ஒரு நாற்காலி தள்ளி அந்தப் பையனும். அவனுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டேபிளில் போட்டிருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தேன், சீட்டு அவளாகவே கொடுத்து அனுப்பினாள், நான் கேட்கவில்லை என்றான். பழி முழுக்க அவள் மேல் விழுந்தால் தான் தப்பிவிடலாம் என்ற கணக்கு. பெண் பொறுமையாகத் தலையசைத்து மறுத்துவிட்டு, கதவருகே கோப்போடு நின்றிருந்த பெஞ்ச் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

குழுவின் தலைவர் கேட்டார். "அம்மா, நீங்க போட்ட டேபிள் தானே இது?"

"ஆமா சார்."

"சிவப்பு மையில மாற்றம் எதுவும் இல்லையே. அப்ப இதுல இருக்கிறபடி தான் எல்லாரும் உட்கார்ந்தாங்க?"

பொறுப்பாளர் தலை நிமிரவில்லை. பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். திறப்பதும் மூடுவதுமாக அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பெஞ்ச் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏழாம் ஹாலில் மழை ஒழுகியது சார். ஐந்தே வார்த்தை. பெஞ்ச் கணக்கு பார்க்கிறவளுக்கு வார்த்தைக் கணக்கா தெரியாது?

"ஆமா சார்" என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மடியில் இருந்த கைக்குட்டையை மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள், அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பெஞ்ச் அக்கா கோப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பதினொரு நாள் தூக்கமில்லாமல் கிடந்த பிறகு ஒரு கடிதம் எழுதினாள். நடந்ததை நடந்தபடி, மழையிலிருந்து மணி அடித்தது வரை. நேரே பிரின்சிபாலிடம் கொடுத்திருக்க வேண்டும். பொறுப்பாளரிடம் கொடுத்தாள், அதுதான் அவள் புத்தி. அவர் நிதானமாகப் படித்தார்.

"உத்தரவு தபால்ல போயாச்சும்மா. இப்ப இதை எடுத்தா ஏழாம் ஹால் பரீட்சையே செல்லாதுன்னு ஆயிடும். எல்லாரும் மறுபடி எழுதணும். அத்தனை பேர் சாபம் வேணுமா உங்களுக்கு? அந்தப் பொண்ணு மேல்முறையீடு போட்டிருக்கில்ல, அப்ப இதைச் சேர்த்துக்கலாம். நான் பார்த்துக்கிறேன்" என்று மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அவள் நம்பினாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்புவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதோடு விட்டாளா? அடுத்த வாரம் அந்தப் பெண்ணை பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது தானே வலியப் போய்ப் பேசினாள். "எழுதிக் கொடுத்திருக்கேம்மா. அடுத்த பரீட்சைக்குள்ள சரியாயிடும்" என்றாள். பெண் நம்பிக்கையும் இல்லாமல் சந்தேகமும் இல்லாமல் தலையசைத்தாள். தனக்குக் கொஞ்சம் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக, பாவம், அந்தப் பிள்ளை தலையில் ஒரு நம்பிக்கையை ஏற்றிவிட்டுப் போனாள்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. டேபிளில் மாற்றம் எதுவும் பதிவாகவில்லை என்று ஒரே வரியில் காரணம். தபால் அந்தப் பெண்ணின் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி, தேர்வுப் பிரிவில் வந்து கிடந்தது. வேன் அடிக்கடி நிற்கிற இடத்துக்குப் பக்கமாக அவர்கள் வீடு மாறியிருந்தார்கள்.

அடுத்த பருவத் தேர்வு வந்தது. டேபிள் போட உட்கார்ந்தாள். எழுதத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பதிவு எண் இல்லை. டேபிளில் ஒருவர் இல்லை என்றால் அந்த இடம் காலியாக நிற்காது. பின்னால் இருப்பவர் ஒரு பெஞ்ச் முன்னால் வருவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் அவர் இடத்துக்கு வருவார், கடைசி வரை எல்லோரும் நகர்ந்து ஓட்டையை அடைத்துவிடுவார்கள். அச்சடித்துப் பார்த்தால் அப்படி ஒருத்தி படித்தாள் என்பதற்கு அடையாளமே இருக்காது. அந்தக் காகிதத்தை வழக்கம்போல அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்.

தேர்வு நாள் காலை பலகை முன்னால் கூட்டம். அவரவர் எண்ணைத் தேடி, ஹாலையும் பெஞ்சையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கலைந்தார்கள். கூட்டம் குறைந்ததும்தான் பெஞ்ச் அக்கா பார்த்தாள். அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் பேனா டப்பா, தண்ணீர் பாட்டில். கேட்டுக்கு வெளியே வேனில் சாய்ந்தபடி அவள் அப்பா. பெண் எல்லா ஹாலின் டேபிளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எனக்கு முன்னாடி நம்பர் இருக்கு. பின்னாடி நம்பரும் இருக்கு. நடுவுல நான் இல்லையே. ஹால் டிக்கெட் ஆபீஸ்ல தருவீங்களா?"

தள்ளுபடிக் கடிதம் இன்னும் தன் மேஜையில்தான் கிடக்கிறது என்பது பெஞ்ச் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் சொன்னதை நம்பி அந்தப் பிள்ளை இத்தனை மாதம் படித்திருக்கிறாள்.

"தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா. என் கடிதத்தை யாருக்கும் காட்டவே இல்ல. இந்த டேபிளையும் நான்தான் போட்டேன். உன்னை எடுத்தது நான்தான்."

பெஞ்ச் அக்கா திரும்பி வேகமாக நடந்தாள், அந்த வயதில் அவளுக்கு அதுதான் ஓட்டம். அலமாரியைத் திறந்து பழைய கோப்பிலிருந்து ஏழாம் ஹாலின் பிரதியை உருவினாள். பலகைக்கு வந்து, சுவரில் வைத்துச் சிவப்புப் பேனாவால் எழுதினாள். நான்காம் வரிசையில் கடைசி மூன்று பெஞ்சின் ஆறு எண்களையும் அடித்தாள். ஒவ்வொன்றையும் அன்று உட்கார்ந்த இடத்தில் எழுதினாள். ஒருவர்கூட மறக்கவில்லை. கீழே, கூரை ஒழுகியதால் இடம் மாற்றியது நான், பொறுப்பாளருக்குத் தெரியும், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையே போட்டாள். புதிய டேபிளுக்கு மேலே அதைக் குத்தினாள். கடைசியாக வந்த பத்துப் பதினைந்து பேர் நின்று படித்தார்கள். இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள். பியூன் வந்து கிழிப்பதற்குள் அது ஊர் சுற்றப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது. அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள், பொறுப்பாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், நான்கு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் தடையை நீக்கினார்கள். அதற்குள் அவள் கூடப் படித்தவர்கள் தேறி வெளியே போய்விட்டார்கள். ஆனால் அன்று காலை அந்தப் பலகை முன்னால் அதெல்லாம் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் சிவப்பு எழுத்தை மேலிருந்து கீழ் வரை படித்தாள். முதல் வரிசை, இரண்டாம் பெஞ்ச், இடது பக்கம் என்ற இடத்தில் விரலை வைத்தாள். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"இதை எழுத எவ்வளவு நேரம்க்கா ஆச்சு?"

"ஒரு நிமிஷம்மா."

"அன்னைக்கும் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்ல?"

"அதுகூட ஆகியிருக்காது" என்றாள் பெஞ்ச் அக்கா.

தேர்வு மணி அடித்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஓடிப்போய் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பேனா டப்பாவைப் பையில் போட்டு, அப்பாவின் வேனை நோக்கி நடந்தாள்.